புரையேறும் அபாயத்தை ஏழாம் இடத்தில் வைக்கலாமா?

கேள்வி

“நான் செவிலியர் பட்டப்படிப்பு மூன்றாம் ஆண்டு மாணவி. மூளையின் வலப்பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பக்கவாதம் வந்த 62 வயது நோயாளி ஒருவரை, நோய் தாக்கிய மூன்றாம் நாளிலிருந்து கவனித்து வருகிறேன். எடை 60 கிலோ. இடது கையும் காலும் பலவீனமாக உள்ளன, இடது வாயோரம் எச்சில் வழிகிறது, இடப்பக்கத்தில் நிற்பவர்களை அவர் கவனிப்பதே இல்லை. அடிக்கடி கண் அயர்ந்துவிடுகிறார், கூப்பிட்டால் விழிக்கிறார். விழுங்கும் திறன் சோதனையில் ஒரு ஸ்பூன் தண்ணீருக்குப் பிறகு குரல் களகளத்தது, ஆனால் இருமல் வரவில்லை. வாய்வழியாக எதுவும் கூடாது என்று சொல்லி மூக்குக் குழாய் பொருத்தியிருக்கிறார்கள். உடல் வெப்பம் 37.2 டிகிரி செல்சியஸ், சுவாசம் நிமிடத்துக்கு 18, ஆக்சிஜன் அளவு 96 சதவீதம்.

பராமரிப்புத் திட்டத்தில் 11 நர்சிங் டயக்னோசிஸ்களை எழுதினேன். உடல் அசைவுக் குறைபாட்டை முதலிலும், புரையேறும் அபாயத்தை ஏழாவதாகவும் வைத்தேன். அது இன்னும் நடக்கவில்லை, குழாயும் போட்டாகிவிட்டது என்பதால் அப்படிச் செய்தேன். ‘நோயாளி நன்றாக விழுங்குவார்’, ‘புரையேறாது’, ‘ஒரு வாரத்தில் 2 கிலோ எடை கூடுவார்’ என்று இலக்குகள் எழுதினேன். ‘முன்னுரிமை தவறு, இலக்குகளை அளக்க முடியாது’ என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதற்கிடையே, வாய் உலர்ந்துபோய்விட்டது, ஒரு வாய் தண்ணீராவது கொடுக்கலாமா என்று நோயாளியின் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறார். எதை, எப்படித் திருத்துவது?”

பதில்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் ஆசிரியர் சுட்டிய இரண்டு குறைகளும் ஒரே இடத்தில் வேர் கொண்டவை. நோயாளியிடம் நீங்கள் கண்டவற்றை நன்றாகக் குறித்து வைத்திருக்கிறீர்கள், ஆனால் அந்தக் குறிப்புகள் உங்கள் வரிசையையும் இலக்குகளையும் தீர்மானிக்கவில்லை. களகளத்த குரல், அடிக்கடி கண் அயர்தல், இடப்பக்கத்தைக் கவனியாமை ஆகிய மூன்றையும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். திட்டத்தில் அவை எந்த இடத்தில் வேலை செய்கின்றன என்று பார்த்தால் எங்கும் இல்லை. அவற்றை உரிய இடத்தில் வைத்தாலே திருத்தத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

‘இருப்பது’ முதலில், ‘வரக்கூடியது’ பிறகு என்ற எண்ணம்

நடப்பில் உள்ள பிரச்சினை எப்போதும் அபாய நிலையை முந்தும் என்ற எண்ணம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. நர்சிங் டயக்னோசிஸ்களை ‘நடப்பில் உள்ளவை’, ‘அபாய நிலையில் உள்ளவை’ என்று பிரிப்பது, அறிகுறிகள் வெளிப்பட்டுவிட்டனவா இல்லையா என்பதைச் சொல்வதற்காகத்தான். எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. முன்னுரிமையை முடிவு செய்ய வேறு கேள்வி கேட்க வேண்டும். அடுத்த எட்டு மணி நேரப் பணியில் இதை யாரும் கவனிக்காமல் விட்டால் என்ன கேடு வரும், அது எவ்வளவு விரைவில் வரும், வந்த பின் சரிசெய்ய முடியுமா?

அந்தக் கேள்வியை உங்கள் நோயாளியிடம் பொருத்திப் பாருங்கள். இடது கை கால் பலவீனம் கண்முன்னே தெரிகிறது, உண்மைதான். மூட்டு இறுக்கமும் தோள்பட்டை வலியும் நாள்கணக்கில் உருவாகக்கூடியவை, அவற்றைத் தடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. அழுத்தப் புண் அதைவிட விரைவில், சில மணி நேரத்திலேயே தொடங்கலாம் என்றாலும், தவறாமல் நிலை மாற்றிப் படுக்கவைப்பது அதைப் பெருமளவு தடுக்கும். ஆனால் தலை தாழ்ந்திருக்கும்போது வாய்க்குள் தேங்கிய எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதற்கு ஒரு நிமிடம் போதும். அதிலிருந்து நிமோனியா வந்தால், பக்கவாத நோயாளி முதல் வாரத்திலேயே உயிருக்குப் போராடும் நிலைக்குப் போகலாம். ஆகவே, இன்னும் நடக்காத ஒன்று, நடந்துகொண்டிருக்கும் பலவற்றுக்கு மேலே வருவது இங்கே முற்றிலும் நியாயமானது.

இருமல் வராததை நீங்கள் சற்று ஆறுதலான செய்தியாக எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. பக்கவாதத்தில் அது ஆறுதல் தருவதில்லை. தொண்டையின் உணர்வு மழுங்கிப்போனால், நீர் குரல்நாண்களைத் தாண்டிக் கீழே இறங்கினாலும் இருமல் எழாமல் போகலாம். ஓசையில்லாமல் புரையேறுவது இப்படித்தான். தண்ணீருக்குப் பிறகு குரல் களகளத்தது, குரல்நாண்களின் மேலோ அருகிலோ திரவம் தேங்கி நின்றதற்கான அடையாளம். திரவம் அங்கே நிற்கும்போதும் இருமல் வரவில்லை என்றால், காவல் செய்ய வேண்டிய அனிச்சைச் செயல் பலவீனமாக இருக்கிறதோ என்றுதான் சந்தேகிக்க வேண்டும். தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் குமட்டல் வருகிறது, அதனால் விழுங்குவார் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். குமட்டும் அனிச்சையும் பாதுகாப்பாக விழுங்கும் திறனும் வேறு வேறு. ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போவது சாதாரணம்.

மூக்குக் குழாய் பொருத்திவிட்டதால் அபாயம் நீங்கிவிட்டது என்ற கணிப்பும் தவறு. குழாய் உணவைத் தொண்டையைக் கடந்து இரைப்பைக்குக் கொண்டுபோகிறது. எச்சிலை அது தடுப்பதில்லை. இரைப்பையில் உள்ளது மேலெழும்பி வருவதையும் தடுப்பதில்லை. குழாய் இடம் பெயர்ந்து அதன் வழியே உணவு செலுத்தப்பட்டால் நேரடியாக நுரையீரலுக்கே கேடு. முதல் முறை எக்ஸ்ரே மூலம் இடத்தை உறுதி செய்த பின், ஒவ்வொரு முறை செலுத்துவதற்கு முன்பும் மூக்கின் அருகே உள்ள அளவுக் குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது இரைப்பையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இந்த எண் உயர்ந்து காட்டலாம். அப்போது சந்தேகம் தீரும் வரை செலுத்தக் கூடாது. காற்றைச் செலுத்தி வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்பதை மட்டும் நம்பி உணவு கொடுக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கக்கூடும்.

பதினொன்றை எப்படிச் சுருக்குவது

பதினொன்றும் தவறானவை அல்ல. ஆனால் ஒரு பணிநேரத்தில் 11 திட்டங்களை யாரும் செயல்படுத்த முடியாது. வரிசையே இல்லாத பட்டியலும் மிக நீண்ட பட்டியலும் வார்டில் ஒரே பயனைத்தான் தருகின்றன, அதாவது யாரும் படிப்பதில்லை. என் பரிந்துரை, நான்கை முன்னால் வைத்து மற்றவற்றை அவற்றுக்குள் இழுத்துக்கொள்வது.

முதலாவது, புரையேறும் அபாயம். இரண்டாவது, விழுங்கும் திறன் குறைபாடு. மூன்றாவது, நீர்ச்சத்தும் ஊட்டமும் குறையும் நிலை. நான்காவது, உடல் அசைவுக் குறைபாடு. முதல் இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம், சில மருத்துவமனைகளில் ஒன்றாகவே எழுதுகிறார்கள். நான் பிரிப்பதையே விரும்புகிறேன், ஏனென்றால் வேலை வேறு. முதலாவதில் நுரையீரலைக் காக்கிறோம், அது இந்த நிமிடத்தின் வேலை. இரண்டாவதில் இழந்த திறன் மீள்வதற்கு உதவுகிறோம், அது பேச்சுப் பயிற்சியாளரோடு சேர்ந்து பல நாள்கள் செய்யும் வேலை. ஒன்றில் முன்னேற்றம் இருந்து மற்றதில் இல்லாமல் போகலாம், அப்போது மதிப்பீடு குழப்பமில்லாமல் அமையும்.

இடப்பக்கத்தைக் கவனியாமையையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். இடது கன்னத்தில் தங்கிவிட்ட உணவை அவர் உணர்வதில்லை, நாக்கால் துழாவி எடுப்பதில்லை. பின்னால் வாய்வழி உணவு தொடங்கும்போது அதுதான் பெரிய ஆபத்து. உடல் அசைவுக் குறைபாடும் அப்படியே. தனியாக நிமிர்ந்து உட்கார முடியாதவர் சரிந்துபோகிறார், சரிந்த கழுத்தோடு விழுங்குவது கடினம். ஆகவே தலையணையால் இடப்பக்கத்தைத் தாங்கி உட்காரவைப்பது முதல் திட்டத்தின் கீழேயே வர வேண்டும்.

இந்த வரிசை இன்றைய நிலைக்கு மட்டும் உரியது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். சளியை வெளியேற்ற முடியாமல் மூச்சு இரைக்கத் தொடங்கினால், சுவாசப் பாதையைத் தெளிவாக வைத்திருக்க இயலாமை என்ற டயக்னோசிஸ் எல்லாவற்றுக்கும் மேலே வந்துவிடும். கண் அயர்வது அதிகரித்து, கூப்பிட்டாலும் விழிக்காத நிலை வந்தால், அது நர்சிங் டயக்னோசிஸாக எழுதிக்கொண்டிருக்க வேண்டிய விஷயமே அல்ல. மூளை வீக்கமோ ரத்தக் கசிவோ இருக்கலாம், உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். பெரிய பக்கவாதங்களில் மூளை வீக்கம் உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையான காலத்தில்தான், உங்கள் நோயாளி அதன் நடுவில் இருக்கிறார்.

டயக்னோசிஸ் வாக்கியம்

‘பக்கவாதத்தின் காரணமாகப் புரையேறும் அபாயம்’ என்று எழுதுவதே பெரும்பாலான மாணவர்களின் வழக்கம், உங்கள் திட்டத்திலும் அப்படி இருந்தால் மாற்றிவிடுங்கள். பக்கவாதத்தைச் செவிலியரால் குணப்படுத்த முடியாது. ஆகவே அந்தக் காரணத்தின் கீழ் நீங்கள் எழுதும் எந்தச் செயலும் காரணத்தோடு ஒட்டாமல் நிற்கும். நீங்கள் தொட்டு மாற்றக்கூடிய, அல்லது குறைந்தபட்சம் கண்காணிக்கக்கூடிய காரணத்தை எழுதுங்கள். இப்படி:

‘விழிப்பு நிலை மாறி மாறி இருத்தல், பலவீனமான இருமல், இடது முகத் தசைப் பலவீனம், மூக்குக் குழாய் வழி உணவு ஆகியவற்றோடு தொடர்புடைய புரையேறும் அபாயம்.’

இருமல் பலவீனமா என்பதை நீங்களே சோதித்து உறுதி செய்த பிறகே அந்தச் சொல்லை எழுதுங்கள். வேண்டுமென்றே இருமச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அபாய நிலை டயக்னோசிஸில் ‘இதற்குச் சான்றாக’ என்று அறிகுறிகளை எழுதுவதில்லை, காரணிகளை மட்டும் எழுதுவார்கள். அறிகுறிகள் இரண்டாவது வாக்கியத்தில் வரும்:

‘முகம், தொண்டைத் தசைகளின் ஒத்திசைவு குறைந்ததோடு தொடர்புடைய விழுங்கும் திறன் குறைபாடு. சான்று: தண்ணீருக்குப் பின் களகளத்த குரல், இடது வாயோரம் எச்சில் வழிதல்.’

இந்த வாக்கியங்களில் உள்ள ஒவ்வொரு காரணிக்கும் ஒரு செயல் தானாகவே கிடைக்கிறது. விழிப்பு மாறி மாறி இருக்கிறது என்றால், வாய்க்குள் எதையும் கொண்டுபோகும் முன் விழிப்பைச் சோதிக்க வேண்டும். குழாய் இருக்கிறது என்றால், உணவு செலுத்தும்போதும் அதன் பின் குறைந்தது அரை மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும்.

வாய்ப் பராமரிப்பு மட்டும் இந்த வாக்கியத்திலிருந்து நேரடியாகக் கிடைக்காது, ஆனாலும் அதைக் கட்டாயம் சேருங்கள். வாய்வழி உணவு இல்லாதவரின் வாயில் கிருமிகள் பெருகுகின்றன. அந்த எச்சில் இறங்கினால் நிமோனியாவுக்கான வாய்ப்பு கூடுகிறது. பல், நாக்கு, இடது கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, சேரும் நீரை உறிஞ்சு குழாயால் எடுத்துவிட வேண்டும், கொப்பளிக்கச் சொல்லக் கூடாது. மனைவி கேட்கும் கேள்விக்குப் பாதி விடையும் இதில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அளக்கக்கூடிய இலக்கு

‘புரையேறாது’ என்பது நல்ல விருப்பம், இலக்கு அல்ல. புரையேறியதா இல்லையா என்பதை உறுதியாகப் பார்க்க வேண்டுமானால், விழுங்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே காணொளியோ மூக்கு வழியே செலுத்தும் எண்டோஸ்கோப்போ வேண்டும். படுக்கையருகே நிற்கும் உங்களால் பார்க்க முடிவது அதன் விளைவுகளைத்தான். ஆகவே அந்த விளைவுகளையே இலக்காக்க வேண்டும். எண்களை எங்கிருந்து எடுப்பது? நீங்களே எழுதி அனுப்பிய அடிப்படை அளவீடுகளிலிருந்து. அவர் இன்று இருக்கும் இடம் தெரிந்தால்தான், அவர் நகர்ந்தாரா என்று சொல்ல முடியும்.

‘அடுத்த 72 மணி நேரத்தில், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கும்போது நோயாளியின் சுவாசம் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும், வெளி ஆக்சிஜன் இல்லாமல் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் குறையாது, உடல் வெப்பம் 37.5 டிகிரியைத் தாண்டாது, நுரையீரலின் அடிப்பகுதியில் புதிய கரகர ஒலி கேட்காது.’

இதில் வாக்கியத்தின் எழுவாய் நோயாளிதான். ‘செவிலியர் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நுரையீரலைக் கேட்பார்’ என்று எழுதினால் அது செயல், இலக்கு ஆகாது. 94 என்ற எண்ணை எல்லோருக்கும் படியெடுக்கவும் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு மருத்துவர் 88 முதல் 92 வரை என்று வகுத்திருக்கலாம், அவருக்கு உங்கள் இலக்கு தொடக்கத்திலேயே தோற்றுவிடும்.

‘நன்றாக விழுங்குவார்’ என்ற இலக்கில் சிக்கல் வேறு. நன்றாக என்றால் எவ்வளவு என்பது தெரியவில்லை என்பதோடு, உங்கள் கையில் இல்லாத ஒன்றை வாக்களித்திருக்கிறீர்கள். பக்கவாதத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் பலருக்கு விழுங்கும் திறன் பெருமளவு திரும்புகிறது, ஆனால் எந்த நாளில் என்பதை யாரும் சொல்ல முடியாது. எந்தப் பதத்தில் உணவைத் தொடங்குவது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரும் மருத்துவரும் முடிவு செய்கிறார்கள். ஆகவே ‘ஏழாம் நாளில் வழக்கமான உணவு உண்பார்’ என்று எழுதாதீர்கள். நோயாளி அந்தப் படிக்குத் தயாராவதை இலக்காக்குங்கள்: ‘இரண்டு நாள்களுக்குள், தாங்கி உட்காரவைத்த நிலையில் தொடர்ந்து 15 நிமிடம் கண் அயராமல் இருப்பார், சொன்னதும் வாய் திறந்து, சொன்னதும் இருமுவார்.’ இது நிறைவேறினால் மறுபரிசோதனைக்குச் சொல்லலாம். அதில் பயிற்சியாளர் அனுமதித்த பிறகு அடுத்த இலக்கை எழுதலாம்: ‘அனுமதித்த பதத்தில் ஐந்து தேக்கரண்டி உணவை, இருமல், குரல் மாற்றம், மூச்சு வேகம் கூடுதல் ஆகிய எதுவும் இன்றி விழுங்குவார், முடிவில் இடது கன்னத்தில் உணவு தங்கியிருக்காது.’

இந்த இலக்கை அளப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வார்டில் அவசரத்தில் பிழை நடப்பது இங்கேதான். நோயாளியை இடுப்பு மடங்க நேராக உட்காரவைத்து, நீங்களும் அவர் கண் மட்டத்தில் வலப்பக்கமாக உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து பார்ப்பார், அது மூச்சுப்பாதையைத் திறந்துவிடும். அரைக் கரண்டி அளவு கொடுத்துவிட்டு, குரல்வளை மேலே எழும்பி இறங்குவதைப் பாருங்கள், வாய் அசைவதை விழுங்கியதாக எண்ணிவிடக் கூடாது. இறங்கிய பின் ‘ஆ’ என்று சொல்லச் சொல்லிக் குரலைக் கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் மட்டுமே அடுத்த கரண்டி. களகளத்தால் நிறுத்திவிட்டு இருமச் சொல்லுங்கள், பயிற்சியாளருக்குத் தெரிவியுங்கள். முடிந்ததும் சிறு டார்ச் ஒளியில் இடது கன்னத்தைப் பார்த்து, அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். தாடையைக் கீழே தாழ்த்தி விழுங்குதல், தலையைப் பலவீனமான பக்கம் திருப்பி விழுங்குதல் போன்ற முறைகளைப் பயிற்சியாளர் பரிசோதித்துச் சொன்னால் மட்டும் செய்யுங்கள், எல்லோருக்கும் அவை பொருந்துவதில்லை.

மாத்திரையும் விழுங்கப்படும் பொருள்தான் என்பதை வாய்வழி தொடங்கும் நாளில் மறந்துவிடாதீர்கள். உணவைக் கூழாக்கிக் கொடுத்துவிட்டு மாத்திரைக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டுவதை நான் பல வார்டுகளில் பார்த்திருக்கிறேன். எல்லா மாத்திரைகளையும் பொடிக்கவும் முடியாது. மெதுவாக மருந்தை வெளியிடும் வகையையும், குடலில் கரைவதற்காகப் பூச்சிட்ட வகையையும் பொடித்தால் ஒரே நேரத்தில் முழு அளவும் இறங்கலாம், அல்லது மருந்து பயனற்றுப் போகலாம். மருந்தாளுநரைக் கேட்டு மாற்று வடிவம் வாங்குங்கள்.

எடை என்ற அளவுகோல்

ஒரு வாரத்தில் 2 கிலோ என்பது எண்ணாக இருப்பதால் அளக்கக்கூடியதுதான். ஆனால் அது நடக்கக்கூடியதல்ல, நடந்தாலும் நல்ல செய்தியாக இருக்காது. கடும் நோயில் இருப்பவர் ஒரு வாரத்தில் அவ்வளவு கூடினால், பெரும்பாலும் உடலில் நீர் தேங்கியிருக்கிறது என்றுதான் பொருள். ரத்த அல்புமின் உயர்வதை இலக்காக்குவதும் இதே போன்ற பிழை, உடலில் அழற்சி இருக்கும்போது அது ஊட்டத்தைக் காட்டாது.

உங்கள் நோயாளிக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். பொதுவாகக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோகலோரி என்று தொடங்குகிறார்கள், 60 கிலோவுக்கு அது 1500 முதல் 1800 வரை. நீர் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி என்றால் 1800 மில்லி, இதில் குழாய் உணவில் உள்ள நீரும் குழாயைக் கழுவ ஊற்றும் நீரும் நரம்புவழித் திரவமும் அடங்கும். இதயம், சிறுநீரக நோய் இருந்தால் இந்த எண்கள் மாறும். உணவியல் நிபுணரும் மருத்துவரும் எழுதித் தரும் அளவே இறுதியானது. உங்கள் வேலை, எழுதித் தந்தது உண்மையில் உள்ளே போனதா என்று பார்ப்பது. ஸ்கேனுக்கு அழைத்துப் போனபோது நிறுத்திய உணவு, குழாய் அடைத்ததால் விட்டுப்போன வேளை ஆகியவற்றைக் கூட்டினால், 1500 எழுதப்பட்டவருக்கு 1000 மட்டுமே சேர்ந்திருப்பது அரிதல்ல. ஆகவே இலக்கை இப்படி எழுதுங்கள்:

‘ஒவ்வொரு 24 மணி நேரத்திலும், பரிந்துரைத்த உணவிலும் நீரிலும் 90 சதவீதத்துக்குக் குறையாமல் நோயாளி பெறுவார். 8 மணி நேரப் பணியில் சிறுநீர் 240 மில்லிக்குக் குறையாது. ஏழு நாள் முடிவில் எடை 59 கிலோவுக்குக் கீழே இறங்காது.’

240 என்பது கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்ற கணக்கு. 90 என்பது நான் வைத்த எல்லை, உங்கள் மருத்துவமனை வேறு எல்லை வைத்திருந்தால் அதையே எழுதுங்கள்.

மனைவியின் கேள்வி

‘கூடாது’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், நீங்கள் இல்லாத நேரத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் போகக்கூடும், அதுவும் அன்பினால்தான் போகும். அவர் கண்டது உண்மை, வாய் உலர்ந்துதான் இருக்கிறது. அதற்குச் செய்ய வேண்டியதை அவர் கையிலேயே கொடுங்கள். உதட்டுக்கு ஈரப்பசை தடவுவது, பிழிந்த ஈரப் பஞ்சுக்குச்சியால் நாக்கைத் துடைப்பது ஆகியவற்றைப் பக்கத்தில் நின்று செய்து காட்டுங்கள். பிறகு இதையும் ஓர் இலக்காக்குங்கள்: ‘நாளை மாலைக்குள் மனைவி, வாய்வழித் தண்ணீர் ஏன் கூடாது என்பதைத் தம் சொற்களில் விளக்குவார், உடனே செவிலியரை அழைக்க வேண்டிய மூன்று அறிகுறிகளைச் சொல்வார்.’ குரல் களகளத்தல், மூச்சு வேகமாதல், காய்ச்சல் என்று அவர் சொன்னால் நிறைவேறியது. ‘புரிந்தது’ என்று தலையசைத்தால் நிறைவேறவில்லை.

பின்னால், முழுத் தெளிவோடு இருக்கும் நோயாளியே கெட்டியாக்கிய திரவம் வேண்டாம், தண்ணீர்தான் வேண்டும் என்று மறுத்தால், அபாயத்தை அறிந்து மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அவர் தெளிவோடுதான் முடிவெடுக்கிறாரா என்பதை மருத்துவரும் குழுவும் மதிப்பிட வேண்டும். நீங்கள் தனியாக அனுமதிக்கவோ கட்டாயப்படுத்தவோ வேண்டாம். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே பதிவு செய்து தெரிவியுங்கள்.

மதிப்பீட்டு நாளில்

72 மணி நேரம் கழித்து நீங்கள் எழுதப் போகும் வரிதான் இலக்கு சரியாக அமைந்ததா என்பதைக் காட்டும். வெப்பம் 38.1, சுவாசம் 24, வலது நுரையீரலின் அடியில் கரகர ஒலி என்று வைத்துக்கொள்வோம். ‘இலக்கு நிறைவேறவில்லை’ என்று எழுத வேண்டும். மாணவர்கள் இங்கே தயங்கி, தேதியை மட்டும் மூன்று நாள் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவருக்குத் தெரிவித்த நேரத்தை எழுதி, முதலிடத்தில் சுவாசப் பாதை, வாயுப் பரிமாற்றம் தொடர்பான நடப்பு டயக்னோசிஸை வையுங்கள். அதோடு எந்தச் செயல் விட்டுப்போனது என்று தேடுங்கள். இரவில் தலைப்பக்கம் தாழ்ந்திருந்ததா, வாய்ப் பராமரிப்பு ஒரு வேளை மட்டும்தான் நடந்ததா என்பது பதிவேட்டில் தெரியும்.

மாறாக, அவர் தெளிந்து, பயிற்சியாளர் கெட்டியாக்கிய திரவத்தை அனுமதித்தால் வரிசை வேறு விதமாக மாறும். புரையேறும் அபாயம் மேலேயே இருக்கும். ஆனால் நீர்ச்சத்துக் குறைவு அதை நெருங்கி வரும், ஏனெனில் கெட்டியாக்கிய திரவத்தை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. குழாயை எடுத்த முதல் இரண்டு நாளில் நாள்மொத்த அளவு பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம். அந்த நாள்களில் ஒவ்வொரு வேளையும் குடித்த அளவை மில்லியில் எழுதுங்கள், ‘சிறிது குடித்தார்’ என்று எழுத வேண்டாம். கெட்டித்தன்மையையும் கண்ணளவில் விடாதீர்கள். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச வகைப்பாட்டில், அதற்கென வரையறுத்த 10 மில்லி சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். 1 முதல் 4 மில்லி வரை மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 வரை மிஞ்சினால் இரண்டாம் நிலை. பயிற்சியாளர் இரண்டாம் நிலை என்று எழுதியிருக்க, சிரிஞ்சில் 2 மில்லி மட்டும் மிஞ்சினால், அந்தக் கோப்பையை நோயாளியிடம் கொண்டுபோகாமல் மறுபடி கலக்க வேண்டும்.